பிசிசி திரும்பி வந்தது: எந்த முகவரியைப் போடுவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம், பாஸ்போர்ட்டிலும் அந்த முகவரிதான். ஏழு மாதமாகக் கோவையில் ரூம் எடுத்து வேலை பார்க்கிறேன். குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பிசிசி என்ற போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியையே போட்டு அப்ளை செய்தேன். இப்போது போலீஸ் ரிப்போர்ட் முழுமையாக இல்லை என்று ஸ்டேட்டஸ் காட்டுகிறது. என் மேல் எந்தக் கேஸும் கிடையாது. பின் ஏன் இப்படி? மறுபடியும் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: முதலில் ஊருக்கு ஒரு போன் போட்டு, காவலர் வந்தபோது அம்மா என்ன சொன்னார் என்று கேளுங்கள். "பையன் கோயம்புத்தூர்ல இருக்கான் சார், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவான்" என்று சொல்லியிருப்பார். அவர் உண்மையைத்தான் சொன்னார். காவலரும் அதைத்தான் எழுதியிருப்பார்: மனுதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை. உங்கள் ஃபைல் அங்கேதான் நின்றுவிட்டது.

பிசிசி என்றால் கேஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுக்கும் காகிதம் என்று பலரும் நினைக்கிறார்கள். போலீஸ் இரண்டு விஷயத்தைப் பார்க்கிறது. இந்த ஆள் சொன்ன இடத்தில் உண்மையிலேயே இருக்கிறாரா, அந்த இடத்துக் காவல் நிலையப் பதிவேட்டில் இவர் பெயரில் ஏதாவது இருக்கிறதா. முதல் கேள்விக்கே பதில் கிடைக்காதபோது இரண்டாவதற்குச் சுத்தமான பதில் எழுத முடியாது. அதனால்தான் கேஸே இல்லாதவரின் ஃபைலும் திரும்புகிறது. நான் பார்த்த வரையில், திரும்பும் ஃபைல்களில் முகவரிக் குழப்பம்தான் அதிகம்.

உங்கள் ஸ்டேட்டஸைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். பாஸ்போர்ட் இணையதளத்தில் Track Application Status பக்கத்தில் ஃபைல் நம்பரும் பிறந்த தேதியும் கொடுத்தால் வரும். அதில் Incomplete என்று இருந்தால், போலீஸால் விசாரணையை முடிக்க முடியவில்லை என்று பொருள்: ஆள் இல்லை, வீடு கிடைக்கவில்லை, காகிதம் காட்டவில்லை, இப்படி ஏதோ ஒன்று. Adverse என்று இருந்தால் விஷயம் வேறு. உங்களுக்கு எதிராக ஏதோ எழுதியிருக்கிறார்கள். முதலாவது அலைச்சலோடு முடியும். இரண்டாவதற்கு என்ன எழுதினார்கள் என்று தெரியாமல் ஒரு அடிகூட வைக்க முடியாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

சரி, நீங்கள் எங்கே சறுக்கினீர்கள்? பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியைத்தான் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிராவல்ஸ்காரர்கள் இப்படிச் சொல்வது வழக்கம். பாஸ்போர்ட் முகவரியும் தற்போதைய முகவரியும் ஒன்றாக இருந்து, பாஸ்போர்ட் எடுத்தபோது வந்த போலீஸ் ரிப்போர்ட்டும் சுத்தமாக இருந்தால் பிசிசி சீக்கிரம் கிடைப்பதுண்டு என்பதால் வந்த பேச்சு அது. ஆனால் படிவத்தில் கேட்பது தற்போது வசிக்கும் முகவரி. அதைப் பாஸ்போர்ட்டோடு பொருத்திக் காட்டச் சொல்லவில்லை. முகவரி மாறியிருந்தால் புதிய முகவரிக்குச் சான்று கொடுக்க வேண்டும், போலீஸ் அங்கே வரும், அவ்வளவுதான். அந்த முகவரியில் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் அதற்கு முன் இருந்த முகவரியையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது என்பதால் தற்போதைய முகவரி கோவை, முந்தைய முகவரி ஊர். இரண்டு இடத்துக் காவல் நிலையத்திலும் பார்ப்பார்கள். ஊரில் அம்மா சொல்லும் அதே பதில் அப்போது உங்களுக்குச் சாதகமாகிவிடும்.

இனி செய்ய வேண்டியது, விமானம் ஏறும் வரை நீங்கள் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கோவை வேலையை விட்டுவிட்டு ஊரில் போய் உட்காரப் போகிறீர்கள் என்றால், இப்போதைய ஃபைலையே காப்பாற்றப் பார்க்கலாம். திருநெல்வேலி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. இணையதளத்திலேயே விசாரணைக்கான அப்பாயின்ட்மென்ட் எடுத்து நேரில் போங்கள். வேலை நிமித்தமாக வெளியூரில் இருந்ததையும், இப்போது திரும்பி வந்துவிட்டதையும் எழுதிக் கொடுத்து, மறுபடி போலீஸ் விசாரணைக்கு அனுப்பும்படி கேளுங்கள். அதற்கு முன் உண்மையிலேயே ஊருக்கு வந்துவிடுங்கள். காவலர் வரும் அன்று காலையில் பஸ் ஏறி வந்து நின்றால், பக்கத்து வீட்டுக்காரர் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அவர்கள் வழக்கம்.

விசா கைக்கு வரும் வரை கோவையிலேதான் வேலை என்றால், மாறிய முகவரிக்குப் புது விண்ணப்பம் போடச் சொல்வார்கள் பெரும்பாலும். பிசிசி கட்டணம் 500 ரூபாய். முதலில் கட்டியது திரும்பி வராது. பழைய ஃபைல் என்ன நிலையில் இருக்கிறது என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு புதியதைப் போடுங்கள். ஒன்று முடியாமல் தொங்கும்போது இன்னொன்றைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும்.

அடுத்த கண்டம் கோவை முகவரிக்கான சான்று. ரூம் எடுத்துத் தங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஹவுஸ் ஓனர் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் கவுண்டரில் நிற்காது. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம்தான் ஏற்கப்படும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி வருவார்கள். அது பப்ளிக் லிமிடெட் கம்பெனியாக இருந்தால்தான் செல்லும். சின்ன கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கு இரண்டுமே கிடைக்காது. உங்களுக்குச் சுலபமான வழி ஆதாரில் முகவரியைக் கோவைக்கு மாற்றுவது, அல்லது நடப்பில் உள்ள வங்கிக் கணக்கின் முகவரியை மாற்றிப் போட்டோ ஒட்டிய பாஸ்புக்கில் பதிந்து வாங்குவது. ஆதார் மாறி வந்த பிறகு அப்ளை செய்யுங்கள். மாற்றக் கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

முகவரி எழுதும்போது கதவு எண்ணைக் கவனியுங்கள். சின்ன விஷயம், ஆனால் நான் நேரில் பார்த்தது இது. ஒரு நர்ஸ், சவூதிக்குப் போகிறவர். ஆதாரில் பழைய எண் 14, வாசலில் அடித்திருப்பது புதிய எண் 31. படிவத்தில் 14 என்று மட்டும் போட்டார். காவலர் அந்தத் தெருவில் இரண்டு முறை நடந்திருக்கிறார். படிவத்தில் இருந்த கைப்பேசி எண்ணுக்கு அழைத்தும் பார்த்திருக்கிறார். இந்தப் பெண் நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார், தெரியாத எண் என்று திரும்ப அழைக்கவும் இல்லை. முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை என்று ரிப்போர்ட் போய்விட்டது. வீடு என்னவோ காவல் நிலையத்துக்கு நான்கு தெரு தள்ளித்தான். ஆகவே பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள், அடையாளத்துக்குப் பக்கத்தில் உள்ள கோயிலையோ பள்ளியையோ சேருங்கள். அப்ளை செய்த நாளிலிருந்து தெரியாத எண் எதுவானாலும் எடுங்கள். காவலர் வந்தால் அசல் பாஸ்போர்ட்டையும் முகவரிச் சான்றையும் காட்டுங்கள். அவருக்கென்று தனியாகக் கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படிவத்தில் இன்னொரு கட்டம் நாட்டின் பெயர். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிட்டுத்தான் பிசிசி அச்சாகும். ஏஜென்ட் முதலில் கத்தார் என்று சொல்லி, பிறகு குவைத் என்று மாற்றினால், கத்தாருக்கு வாங்கியது குவைத்துக்கு உதவாது. வேலை உறுதியான பிறகு போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். குவைத் போன்ற நாடுகளுக்குத் தொழிலாளியாகப் போகிறவரிடம் வேலை ஒப்பந்தமும் விசா நகலும் கேட்பார்கள். விசா அரபியில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் சேவை மையத்துக்குப் போய், டோக்கன் வாங்கி, போட்டோவும் கைரேகையும் கொடுத்துவிட்டு அடுத்த கவுண்டரில் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் ஒரு நன்னடத்தைச் சரிபார்ப்புச் சான்று கிடைக்கிறது. வீட்டு வேலைக்கு ஆள் வைக்க, உள்ளூர்க் கம்பெனியில் சேர அது போதும். குவைத்துக்கு வேண்டியது பாஸ்போர்ட் அலுவலகம் கொடுப்பது. ஏஜென்ட் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று முதலாவதை எடுத்துக் கையில் கொடுத்தால் ஏமாறாதீர்கள்.

கடைசியாக, கேஸ் கிடையாது என்று உறுதியாகச் சொல்கிறீர்கள். இருந்தாலும் 2020 ஊரடங்கு நாட்களில் பைக்கோடு நிறுத்தி எங்காவது கையெழுத்து வாங்கினார்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்போது எஃப்.ஐ.ஆர். போட்டது தெரியாமலே இருப்பவர்கள் உண்டு. ஊரடங்கு மீறல் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. ஆனால் அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு நிலையப் பதிவேடும் தானாக மாறிவிடாது. அப்படி ஏதாவது இருந்தால், வழக்கு முடிந்ததற்கான உத்தரவின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்கி, காவலர் வரும்போதே கொடுத்துவிடுங்கள். புகார் வந்ததற்குக் காவல் நிலையம் கொடுக்கும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்துபோன தகராறு என்றால் பயப்பட வேண்டாம். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

கோவையிலிருந்து போடுவதாக முடிவெடுத்தால், ஆதார் மாற்றத்துக்கு இன்றே கொடுங்கள். ரூம்மேட்டிடமும் ஹவுஸ் ஓனரிடமும் போலீஸ் விசாரிக்க வரும் என்று சொல்லி வையுங்கள். சொல்லாமல் விட்டால், எதற்கு வம்பு என்று "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லிக் கதவைச் சாத்தும் ஓனர்களும் உண்டு.