பெட்டியை நகர்த்தினால் அம்புக்குறி பிரிந்துவிடுகிறது

“பிரிண்டர் பழுதுக்கு ஆம்/இல்லை மரம் ஒன்றைப் பவர்பாயிண்டில் வரைந்தேன். பெட்டியை நகர்த்தினால் அம்புகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. ஆம் எது, இல்லை எது என்றும் குழம்புகிறது.”

அம்பின் முனை பெட்டியைத் தொடுவதுபோல் தெரிந்தாலும், அதன் இணைப்புப் புள்ளியில் ஒட்டவில்லை என்பதே காரணம். அம்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒட்டிய முனை பச்சையாகவும், ஒட்டாதது வெள்ளையாகவும் தெரியும். வெள்ளை முனையை இழுத்து, பெட்டியின் விளிம்பில் தோன்றும் புள்ளியின்மேல் விட்டால், பிறகு பெட்டி எங்கு போனாலும் அம்பும் கூடவே போகும். Reroute Connectors கட்டளையைத் தவிர்ப்பது நல்லது. அது மிகக் குறுகிய வழியைத் தேடி, நீங்கள் தீர்மானித்த திசைகளைக் கலைத்துவிடும்.

குழப்பம் பெரும்பாலும் கேள்வியின் வாக்கியத்தில்தான் இருக்கிறது. “மின்விளக்கு எரியவில்லையா?” என்று கேட்டால் “ஆம்” என்பதே பழுதைக் குறிக்கும்; அடுத்த பெட்டியில் “தாள் இருக்கிறதா?” என்றால் “ஆம்” சரியான நிலையைக் குறிக்கும். எல்லாக் கேள்விகளையும் “மின்விளக்கு எரிகிறதா?”, “தாள் இருக்கிறதா?” என்று நேர்மறையாக அமைத்தால், “ஆம்” எப்போதும் கீழே அடுத்த சோதனைக்கும், “இல்லை” எப்போதும் வலப்புறம் “மின்கம்பியைச் செருகவும்”, “தாள் வைக்கவும்” போன்ற தீர்வுக்கும் செல்லும். அம்பின்மேல் நேரடியாக எழுத முடியாததால், “ஆம்”, “இல்லை” ஆகியவற்றைத் தனி உரைப்பெட்டிகளாக, கேள்வியை விட்டு அம்பு கிளம்பும் இடத்தை ஒட்டி வையுங்கள். அவை பெட்டியோடு தாமாக நகராது என்பதால், இடங்கள் உறுதியான பிறகு கடைசியாகச் சேர்ப்பதே வசதி.