மூன்று தளவிளைவாக்கிகள்: மூன்றாவதற்கு எந்தக் கோணம்?

"அச்சுகள் 0°, 30°, 90°. சாதாரண ஒளி I₀ விழுகிறது. எனக்கு விடை பூஜ்யம் வருகிறது, புத்தகத்தில் 3I₀/32. எங்கே தவறு?"

புத்தகத்தின் விடையே சரி. மூன்றாவது படியில் 90° அல்ல, 60° இட வேண்டும்.

நீங்கள் எல்லாக் கோணங்களையும் முதல் தளவிளைவாக்கியிலிருந்து அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாலஸ் விதியில் வரும் கோணம், வந்து விழும் ஒளியின் அதிர்வுத் திசைக்கும் அடுத்த அச்சுக்கும் இடைப்பட்டது. இரண்டாவதைக் கடந்த ஒளி 30° திசையில்தான் அதிர்கிறது. பழைய 0° திசையின் சுவடு அதில் இல்லை. ஆகவே:

```
I₁ = I₀/2
I₂ = I₁ cos²30° = 3I₀/8
I₃ = I₂ cos²60° = 3I₀/32
```

சரிபார்க்க, நடுவிலுள்ளதை 45°-க்குத் திருப்பிக் கணக்கிடுங்கள்: I₀/8 வர வேண்டும். முதலும் கடைசியும் செங்குத்தாக இருக்கையில் கிடைக்கக்கூடிய பெரும ஒளிச்செறிவு அதுவே என்பதால், 30°-க்கான விடை அதைவிடக் குறைவாக இருப்பது பொருந்துகிறது. நடுவிலுள்ளதை எடுத்துவிட்டால்தான் உங்கள் பூஜ்யம் வரும்.

முதல் படியின் பாதி, தளவிளைவுறாத ஒளிக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே தளவிளைவுற்ற லேசர் ஒளி என்றால் அங்கும் cos² விதியையே பயன்படுத்த வேண்டும். ஆய்வகத்தில் அளந்தால், உண்மையான தகடுகள் சிறிது ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், மதிப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.