காமாலை ஃப்ளோசார்ட்டில் மூன்று பெயர்களும் கடைசி வரிசையில்தான் வர வேண்டும்

கேள்வி: மஞ்சள் காமாலை லெக்சர் நோட்ஸ் பத்துப் பக்கம் இருக்கிறது. ப்ரீ-ஹெபாடிக், ஹெபாடிக், போஸ்ட்-ஹெபாடிக் என்று பிரித்து ஒரே பக்க ஃப்ளோசார்ட்டாக எப்படிப் போடுவது? எந்த டெஸ்ட் எங்கே வரும்?

நீங்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த மூன்று பெயர்களைத் தாளின் உச்சியில் எழுதாதீர்கள். லெக்சரில் அவைதான் தலைப்பாக இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் காரணங்கள் வரிசையாக வரும். தேர்வில் அப்படியே எழுதலாம். ஆனால் வார்டில் உங்கள் கையில் இருப்பது மஞ்சளான கண்ணும் ஒரு எல்எஃப்டி ரிப்போர்ட்டும் மட்டுமே. எங்கே கோளாறு என்பது விடை. விடையிலிருந்து தொடங்கினால் அது ஃப்ளோசார்ட் ஆகாது, அட்டவணைதான்.

உச்சியில் வர வேண்டிய கேள்வி இது: மொத்த பிலிருபினில் டைரக்ட் எத்தனை சதவீதம்? 20க்குக் கீழே என்றால் இடப்பக்கக் கிளை, 50க்கு மேலே என்றால் வலப்பக்கக் கிளை. நடுவில் நின்றால் என்சைம்களைப் பாருங்கள். அவை ஏறியிருந்தால் வலப்பக்கம்தான். இதே கட்டத்தில் சிறுநீரையும் சேர்த்துவிடுங்கள். இன்டைரக்ட் பிலிருபின் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டாது. டைரக்ட் தண்ணீரில் கரையும், தாண்டிவிடும். அதனால் டிப்ஸ்டிக்கில் பிலிருபின் பாசிட்டிவ் என்றால் இடப்பக்கக் கிளையை அநேகமாக மூடிவிடலாம். ஒரு எச்சரிக்கை: ரத்தக் குழாய்க்குள்ளேயே சிவப்பணு உடையும்போதும் சிறுநீர் கோலா நிறத்தில் போகும். அது ஹீமோகுளோபின். டிப்ஸ்டிக் ரத்தம் என்று சொல்லும், மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இருக்காது, பிலிருபின் நெகட்டிவாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பி வலப்பக்கம் போய்விடக் கூடாது.

இடப்பக்கம் சின்னக் கிளை. ரெட்டிகுலோசைட், எல்டிஹெச், ஹாப்டோகுளோபின், ஸ்மியர் இந்த நான்கும் ஒரே கட்டத்தில். ரெட்டிகுலோசைட்டும் எல்டிஹெச்சும் ஏறி ஹாப்டோகுளோபின் இறங்கியிருந்தால் சிவப்பணு உடைகிறது, அதுதான் ப்ரீ-ஹெபாடிக். கல்லீரல் நன்றாக இருந்தால் இதில் மொத்த பிலிருபின் பொதுவாக 5 மி.கி.யைத் தாண்டுவதில்லை. தாண்டினால் இன்னொரு கோளாறும் கூட இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்ஃபீரோசைட்டோசிஸ் நோயாளியின் பிக்மென்ட் கல் பித்தக் குழாயில் மாட்டிக்கொள்வது அப்படி ஒன்று. நான்கும் நார்மல், என்சைம்களும் நார்மல், இன்டைரக்ட் மட்டும் லேசாக ஏற்றம் என்றால் கில்பர்ட். கோளாறு கல்லீரல் செல்லின் யுஜிடி1ஏ1 என்சைமில் இருந்தாலும் அது இடப்பக்கக் கிளையில்தான் வந்து விழுகிறது. மூன்று பெயர்களை உச்சியில் வைத்தால் கில்பர்ட்டை எங்கே எழுதுவது என்று தெரியாமல் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

வலப்பக்கக் கிளைக்கு இடத்தைத் தாராளமாக விடுங்கள். அங்கே முதல் கட்டம் ஆர் விகிதம்:

R = (ALT ÷ அதன் மேல் வரம்பு) ÷ (ALP ÷ அதன் மேல் வரம்பு)

5 அல்லது அதற்கு மேல் என்றால் கல்லீரல் செல் அழிகிறது. 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் பித்தம் தேங்குகிறது. நடுவில் என்றால் கலப்பு. தேங்குகிறது என்று வந்தவுடனே போஸ்ட்-ஹெபாடிக் என்று எழுதிவிடாதீர்கள். நோட்ஸில் அதிகம் காணும் தவறு இதுதான். தேக்கம் கல்லீரலுக்குள்ளேயும் நடக்கும்: அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போன்ற மருந்துகள், பிரைமரி பிலியரி கோலஞ்சைட்டிஸ், கர்ப்பகாலத் தேக்கம். ரத்தப் பரிசோதனையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பிரித்துக் காட்டுவது ஸ்கேன்தான். பித்தக் குழாய் விரிந்திருந்தால் போஸ்ட்-ஹெபாடிக், விரியாவிட்டால் பெரும்பாலும் ஹெபாடிக்.

ஒரு ரிப்போர்ட்டை ஓட்டிப் பார்ப்போம். வயது 58, வலி இல்லை, அரிப்பு, வெளிர்ந்த மலம். மொத்த பிலிருபின் 9.6, டைரக்ட் 7.2. அதாவது 75 சதவீதம், ஆகவே வலப்பக்கம். ALT எனப்படும் எஸ்ஜிபிடி 88, மேல் வரம்பு 40, 2.2 மடங்கு. ALP எனப்படும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 528, மேல் வரம்பு 120, 4.4 மடங்கு. ஆர் விகிதம் 0.5, ஆகவே தேக்கம். அல்ட்ராசவுண்டில் பொதுப் பித்தக் குழாய் 14 மி.மீ., பித்தப்பையும் உப்பியிருக்கிறது, கல் தெரியவில்லை. போஸ்ட்-ஹெபாடிக் என்று இப்போது எழுதலாம். கையில் தட்டுப்படும் வலியில்லாத பித்தப்பை கணையத் தலைக் கட்டியை நினைக்க வைக்கிறது, அதனால் அடுத்த கட்டம் கணையத்துக்கான சிடி. இவருக்கு ஐஎன்ஆர் 1.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தம் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உறிஞ்சப்படவில்லை. ஊசியாக 10 மி.கி. கொடுத்தால் ஒரு நாளில் ஐஎன்ஆர் இறங்கிவிடும். இறங்கவே இல்லை என்றால் கல்லீரல் செல்லே உறைவுக் காரணிகளைச் செய்ய முடியாமல் இருக்கிறது. லெக்சரில் இது ஓரமாக ஒரு வரியில் போயிருக்கும், உங்கள் சார்ட்டில் தனிக் கட்டமாக வையுங்கள்.

ஆர் விகிதமே போதுமா என்று சீனியர்கள் யாராவது கேட்பார்கள். போதாது. கல் திடீரென்று குழாயை அடைத்த முதல் நாளில் எஸ்ஜிபிடி 500க்கு மேலேகூட எகிறும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏற ஓரிரு நாள் பிடிக்கும், குழாயும் இன்னும் விரிந்திருக்காது. கணக்குப் போட்டால் ஹெபடைட்டிஸ் என்றே வரும். வலது மேல்வயிற்றில் பிடித்து இழுக்கும் வலி இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். கல் அடைப்பில் எஸ்ஜிபிடி சடாரென்று சரியும், வைரஸ் ஹெபடைட்டிஸில் அப்படிச் சரியாது.

சார்ட்டுக்கு வெளியே, மேல் மூலையில், சிவப்பில் இரண்டு வரி: குளிர் நடுக்கக் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் கோலஞ்சைட்டிஸ், பிதற்றல் அல்லது தூக்கக் கலக்கத்தோடு ஐஎன்ஆர் 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் கல்லீரல் செயலிழப்பு. இரண்டிலும் கட்டம் கட்டமாக இறங்க நேரமில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. நம் ஊரில் கண் மஞ்சளானாலே கீழாநெல்லிதான் முதல் வைத்தியம். ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே தணியும், பெயர் மருந்துக்குப் போகும். குழாய் அடைத்தவரும் அதே உருண்டையை வாரக்கணக்கில் விழுங்கிவிட்டு, அறுவைசிகிச்சைக்கான நேரத்தைத் தவறவிட்டு வருகிறார். மூலிகையைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மொத்தம், டைரக்ட், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மூன்றையும் பார்த்துவிட்டுச் சாப்பிடட்டும் என்றுதான் கேட்கிறேன். மொத்த பிலிருபினை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் லேப்களும் இதற்குத் துணை போகின்றன.

கடைசியாக, அடைப்பை நீக்கிய பிறகு என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். நீண்ட நாள் தேக்கத்தில் டைரக்ட் பிலிருபினின் ஒரு பகுதி ஆல்புமினோடு நிரந்தரமாக இணைந்துவிடும். டெல்டா பிலிருபின் என்பார்கள். ஆல்புமினின் அரை ஆயுள் ஏறத்தாழ 3 வாரம், அந்தப் பகுதியும் அதே வேகத்தில்தான் இறங்கும். ஸ்டென்ட் வைத்த சில நாளில் சிறுநீர் தெளிந்து ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சரிந்துகொண்டிருந்தால், ரத்தத்தில் பிலிருபின் 4இல் நிற்பதை வைத்து ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.