கல்விக் கடன்: படிப்புக் காலத்தில் வட்டியைக் கட்டுவதா, விடுவதா?

கேள்வி: மகளின் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு வங்கியில் 12 இலட்சம் ரூபாய் கடன் எடுத்துள்ளேன். வருடத் தொடக்கத்தில் 4 இலட்சமாக விடுவிப்பார்கள். வட்டி 12 வீதம். படிப்பு முடிந்த பின்னர் ஐந்து வருடத்தில் கட்டலாம். அதுவரை வட்டியை மட்டுமாவது கட்டி வருவது நல்லதா?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: கட்டாத வட்டியை வங்கி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். சில கடன்களில் அது புறம்பாகக் குறிக்கப்பட்டு, சலுகைக் காலம் முடியும் நாளில்தான் முதலோடு சேரும். சிலவற்றில் மாதந்தோறும் சேர்ந்து, வட்டிக்கும் வட்டி ஏறும். உங்கள் கடன் எவ்வகையென்பதைக் கணக்குக் கூற்றே காட்டிவிடும். முதல் மாத வட்டி 4,000 ரூபாய். இரண்டாம் மாதமும் அதே 4,000 என்றால் தனிவட்டி. 4,040 என்றால் வட்டி முதலில் ஏறிவிட்டது.

மூன்று வருடத்தில் சேரும் தனிவட்டி 288,000 ரூபாய். மாதந்தோறும் முதலில் ஏறினால் ஏறத்தாழ 331,000 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டியிருந்தால் பின்னர் வரும் மாதத் தவணை சுமார் 26,700 ரூபாயாக இருக்கும்; கட்டாமல் விட்டால் முதல் வகையில் 33,100, இரண்டாம் வகையில் 34,050 ரூபாய் அளவுக்கு உயரும்.

வட்டி மாதந்தோறும் முதலில் ஏறுவதாயின் இயன்றவரை மாதந்தோறும் கட்டுங்கள். 12 வீதத்துக்குக் குறைவாக வட்டி தரும் வைப்பில் அந்தப் பணத்தை வைத்திருப்பது நட்டம். தனிவட்டியாயின் அவசரம் இல்லை. முதல் வருடம் 4,000, அடுத்து 8,000, பின்னர் 12,000 ரூபாயென மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வந்து, வட்டி முதலோடு சேருவதற்குச் சற்று முன்னர் மொத்தமாகக் கட்டினாலும் தவணை அதே 26,700 தான். இடையில் அந்தச் சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டி உங்களுக்கு மிச்சம். வீட்டில் ஒருவருக்குச் சுகயீனம் என்றாலும் அந்தப் பணம் கையில் இருக்கும். ஆனால் கோவில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் அந்தக் கணக்கிலேயே கை வைப்பீர்களானால், மாதந்தோறும் வங்கியில் கட்டிவிடுவதே மேல். 12 வீதத்துக்கு மேற்பட்ட வட்டியில் நகை அடகிலிருந்தால், இரண்டு வகையிலும் அதை மீட்பதே முதல் வேலை.

வட்டி கட்ட விரும்புவதாகச் சொன்னதும், உடன்படிக்கையையே மாதாந்த வட்டிக் கொடுப்பனவுக்கு மாற்றித் தருவதாக வங்கியில் கூறக்கூடும். அதற்கு உடனே ஒப்பமிட வேண்டாம். இப்போது நீங்கள் கட்டுவது உங்கள் விருப்பம். ஒரு மாதம் தவறினாலும் குற்றமில்லை. மாற்றிய பின்னர் தவறினால் அது நிலுவையாகி, தண்ட வட்டி விழலாம். நீடித்தால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உங்கள் பெயருக்கெதிரே பதிவாகவும் கூடும். பழைய உடன்படிக்கையின்படியே இருந்துகொண்டு, பணம் கட்டும்போது அது சேர்ந்த வட்டிக்கானது என்று எழுத்தில் கொடுத்து, அடுத்த கூற்றில் வட்டி நிலுவை குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.