கோளத்துக்குள் அமையும் மிகப் பெரிய கூம்பின் உயரம் 12 செ.மீ ஆவது எப்படி?

கேள்வி: 9 செ.மீ ஆரமுள்ள கோளத்துக்குள் வைக்கக்கூடிய மிகப் பெரிய கூம்பின் உயரம் 12 செ.மீ என்று மகளின் ஐந்தாம் படிவப் பயிற்சியில் விடை போட்டிருக்கிறது. அடிப்பக்கம் கோளத்தின் நடுவில் இருந்தால்தானே கூம்பு பெரிதாக வரும்? இல்லையென்றால் குறுக்குவெட்டு சமபக்க முக்கோணமாகவாவது இருக்க வேண்டாமா? அவள் வகையிட்டுப் பார்த்தாள், விடையே வரவில்லை. எங்கே சிக்கல்? (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்:

விடை 12 செ.மீ என்பது சரியே. கோலாலம்பூர் செந்தூலில் மாலை வகுப்புகளில் ஆட் மேத்ஸ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இந்தக் கணக்கில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வகையிடுவதில் அல்ல, எதை மாறியாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் என்று தோன்றுகிறது. உங்கள் மகளும் அங்கேயே நின்றிருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் கணக்கை அமைத்துக்கொள்வோம்.

மிகப் பெரிய கூம்பு என்றால் அதன் உச்சி கோளத்தின் மேற்பரப்பில் இருக்க வேண்டும். அடிவட்டத்தின் விளிம்பு முழுவதும் அதே மேற்பரப்பைத் தொட வேண்டும். இவற்றில் ஒன்று உள்ளே தள்ளி நின்றாலும் கூம்பை இன்னும் வளர்க்க இடம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்த கூம்பை எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கன அளவுக்குச் செங்குத்து உயரமே கணக்கில் வருவதால், அடிவட்டம் மாறாமல் இருக்கும்போது அதன் மையத்துக்கு நேர்மேலே உள்ள புள்ளியே மிக அதிக உயரத்தைத் தரும். ஆகவே நேர்க்கூம்பை மட்டும் பார்த்தால் போதும்.

இப்போது கோளத்தை அச்சு வழியாக இரண்டாக வெட்டிப் பார்த்தால் 18 செ.மீ விட்டமுள்ள ஒரு வட்டமும் அதனுள் ஓர் இருசமபக்க முக்கோணமும் தெரியும். கூம்பின் உயரத்தை h என்றும் அடிவட்டத்தின் ஆரத்தை r என்றும் கொள்வோம். கோளத்தின் மையத்திலிருந்து அடிவட்டத்துக்கு உள்ள தொலைவு h − 9, பித்தாகரஸ் தேற்றத்தின்படி

r² = 9² − (h − 9)² = 18h − h² = h(18 − h)

அடிவட்டம் மையத்துக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் (h − 9)² என்பது ஒன்றுதான். எனவே இந்த ஒரே சமன்பாடு எல்லாக் கூம்புகளுக்கும் பொருந்துகிறது. h-ஐ மாறியாக எடுப்பதில் உள்ள பெரிய வசதி இதுதான். இதனைக் கூம்பின் கன அளவில் பொருத்தினால்

V = (π/3) r²h = (π/3) h²(18 − h) = (π/3)(18h² − h³)

dV/dh = (π/3)(36h − 3h²) = πh(12 − h)

h பூச்சியத்துக்கும் 18-க்கும் இடையில்தான் இருக்க முடியும். அந்த எல்லைக்குள் 12 வரை வகைக்கெழு நேர்மதிப்பு; 12-ஐத் தாண்டியதும் எதிர்மதிப்பு. அதாவது கன அளவு 12 வரை ஏறி, அதன்பிறகு இறங்குகிறது. இப்படிக் குறி மாறுவதைக் காட்டினாலே பெருமம் நிறுவப்பட்டுவிடுகிறது. தேர்வில் இரண்டாம் வகைக்கெழுவைக் கேட்டால் அது π(12 − 2h); h = 12 எனும்போது −12π, எதிர்மதிப்பு. அப்போது r² = 12 × 6 = 72, அதாவது r = 6√2, ஏறத்தாழ 8.49 செ.மீ. கன அளவு 288π, ஏறத்தாழ 904.8 கன செ.மீ. கோளத்தின் கன அளவு 972π என்பதால், மிகப் பெரிய கூம்புகூடக் கோளத்தில் 27-இல் 8 பங்கைத்தான் நிரப்புகிறது. இது முப்பது விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆரம் R என்று பொதுவாக வைத்தாலும் இதே வழியில் h = 4R/3 என்றுதான் வரும்; அந்த விகிதமும் மாறாது.

அடிப்பக்கம் நடுவில் இருக்க வேண்டாமா என்ற உங்கள் ஐயம் நியாயமானதே, ஏனெனில் அடிவட்டம் மிக அகலமாக இருப்பது அங்குதான். அந்தக் கூம்பின் உயரம் 9, கன அளவு 243π; கோளத்தில் சரியாக நான்கில் ஒரு பங்கு. கோளம் அந்தக் கூம்பைப் போல் நான்கு மடங்கு என்பதை ஆர்க்கிமிடீஸே நிறுவியிருக்கிறார். ஆனால் அங்கிருந்து அடிவட்டத்தை ஒரு செ.மீ கீழே இறக்கிப் பாருங்கள். மையத்துக்கு அருகில் வட்டத்தின் பக்கங்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் r² 81-இலிருந்து 80-க்குத்தான் குறைகிறது. உயரமோ 9-இலிருந்து 10 ஆகிவிடுகிறது. இழப்பு எண்பத்தொன்றில் ஒன்று, ஆதாயம் ஒன்பதில் ஒன்று. கன அளவு 266.7π ஆக உயர்கிறது. இன்னும் கீழே போகப் போக வட்டம் உள்நோக்கி வேகமாக வளைவதால் இழப்பு கூடிக்கொண்டே வந்து, 12-இல் ஆதாயத்தைச் சமன் செய்துவிடுகிறது.

சமபக்க முக்கோணம் பற்றிய ஐயம் இதைவிடச் சுவையானது. வட்டத்துக்குள் அமையும் மிகப் பெரிய பரப்புள்ள முக்கோணம் சமபக்க முக்கோணமே. அதன் உயரம் இங்கே 13.5 செ.மீ. அப்படியானால் அதை அச்சில் சுழற்றிப் பெறும் கூம்பு ஏன் மிகப் பெரியதாக இல்லை? இரண்டு கணக்குகளையும் அருகருகே எழுதினால் விடை தெரியும். முக்கோணத்தின் பரப்பு hr. அதன் வர்க்கம் h³(18 − h). கூம்பின் கன அளவில் வருவதோ h²(18 − h). கூட்டுத்தொகை மாறாத இரண்டு நீளங்களில் ஒன்று a முறையும் மற்றது b முறையும் பெருக்கப்பட்டால், அந்த நீளங்கள் a : b என்ற விகிதத்தில் இருக்கும்போது பெருக்கற்பலன் பெருமமாகும். வேண்டுமானால் வகையிட்டுச் சரிபார்க்கலாம். இரண்டே வரியில் முடிந்துவிடும். முக்கோணத்தில் உயரம் மூன்று முறை, எஞ்சிய நீளம் ஒரு முறை. எனவே விட்டம் 3 : 1 ஆகப் பிரிந்து 13.5 வருகிறது. கூம்பில் உயரம் இரண்டு முறை, எஞ்சியது ஒரு முறை. எனவே 2 : 1 ஆகப் பிரிந்து 12 வருகிறது. முக்கோணத்தில் அகலம் ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது, கூம்பிலோ ஆரம் வர்க்கமாக வருகிறது. ஆகவே அகலத்துக்கு மதிப்புக் கூடி, அடிவட்டம் சற்று மேலே ஏறி அகன்றுகொள்கிறது. 13.5 செ.மீ உயரக் கூம்பின் கன அளவு 273.4π, பெருமத்தைவிட ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைவு.

இனி உங்கள் மகளின் சிக்கலுக்கு வருவோம். வகையிட்டும் விடையே வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் r-ஐ மாறியாக வைத்து h = 9 − √(81 − r²) என்று எழுதியிருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். ஒரே r-க்கு இரண்டு கூம்புகள் உண்டு: அடிவட்டம் மையத்துக்கு மேலே நிற்கும் குட்டைக் கூம்பு ஒன்று, கீழே நிற்கும் நெட்டைக் கூம்பு ஒன்று. கழித்தல் குறி குட்டைக் கூம்பைத் தருகிறது. அந்தக் கூம்பின் கன அளவு r கூடக் கூட ஏறிக்கொண்டே போய், எல்லையான r = 9-இல் 243π ஆகிறது. இடையில் எங்கும் வகைக்கெழு பூச்சியமாவதில்லை. ஒரு பெருமக் கணக்கில் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடைக்காமல் விடை எல்லையில் போய் ஒட்டிக்கொண்டால், பாதிக் கூம்புகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையோ என்று ஐயப்பட வேண்டும்.

கூட்டல் குறியை எடுத்தால் r வழியாகவும் விடை வரும், ஆனால் பாதை சற்றுக் கரடுமுரடானது. √(81 − r²) என்பதை s என்று சுருக்கிக்கொண்டால், V = (π/3) r²(9 + s). இதனை r-ஐப் பொறுத்து வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால்

2s(9 + s) = r² = (9 − s)(9 + s)

என்று கிடைக்கும். இரு பக்கமும் உள்ள 9 + s பூச்சியமாகாது என்பதால் அதை நீக்கினால் 2s = 9 − s, அதாவது s = 3; உயரம் 9 + 3 = 12. இந்த s மையத்திலிருந்து அடிவட்டத்துக்கு உள்ள தொலைவேதான். அதையே தொடக்கத்தில் மாறியாக எடுத்திருந்தால் வர்க்கமூலமே வந்திருக்காது. ஆகவே மகளிடம், h அல்லது மையத்திலிருந்து உள்ள தொலைவு, இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள், r வேண்டாம்.

கணக்கியில் எண்களைப் போட்டுச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். h = 11 என்றால் 282.3π, h = 13 என்றால் 281.7π. ஒரு முழு செ.மீ விலகியும் இழப்பு இரண்டு விழுக்காட்டளவுதான். பெருமத்துக்கு அருகில் மாற்றம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிதாகிவிடும் என்பதை, மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை ஆராய்ந்த கெப்ளர், வகைநுண்கணிதம் உருவாவதற்கு முன்பே 1615-இல் எழுதிவைத்தார். எனவே எண்களை வைத்து 9-ஐயும் 13.5-ஐயும் எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் 12-ஐயும் 11.9-ஐயும் பிரித்தறிய வகைக்கெழுதான் வேண்டும்.

இதே பயிற்சியில் அடுத்த கேள்வியாக, வளைபரப்பு மிக அதிகமாக இருக்கும் கூம்பைக் கேட்பது வழக்கம். அதற்குத் தனியாக உழைக்க வேண்டியதில்லை. சாயுயரத்தின் வர்க்கம் h² + r² = 18h; வளைபரப்பு A எனில்

A² = π²r² × 18h = 18π²h²(18 − h) = 54πV

V பெருமமாகும் இடத்திலேயே A-யும் பெருமமாகிறது. அதே 12 செ.மீ கூம்புதான் விடை. அடிவட்டத்தையும் சேர்த்து மொத்த மேற்பரப்பைக் கேட்டால் மட்டும் இந்த உறவு உடைந்துவிடும். அப்போது அகன்ற அடிவட்டத்துக்கும் பங்கு இருப்பதால் உயரம் ஏறத்தாழ 10.6 செ.மீ ஆகக் குறைகிறது. கேள்வியில் வளைபரப்பு என்று இருக்கிறதா, மொத்த மேற்பரப்பு என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.