சந்தை இரைச்சலில் சவுண்ட்பாக்ஸ்: கேள்வி பதில்

பதில் சொல்பவர் தர்மபுரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் போனில் அனுப்பும் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பாக்ஸை, சுற்றுவட்டாரக் கடைகளுக்கு அமைத்துக் கொடுப்பதும் இவர்தான்.

ராயக்கோட்டை, காய்கறிக் கடை: அண்ணே, வால்யூம் முழுசா வச்சிருக்கேன். சத்தம் வருது, ஆனா எவ்வளவுன்னு புரியல. பெட்டி போச்சா?

பெட்டி போகவில்லை தம்பி. நீங்கள் அனுப்பிய போட்டோவில் பெட்டி தக்காளிக் கிரேடுக்கு முன்னால், வாடிக்கையாளரைப் பார்த்து நிற்கிறது. நீங்கள் நிற்பதோ பின்னால் தராசுப் பக்கம், எப்படியும் ஆறடி இருக்கும். ஒலி மொத்தமும் ரோட்டுக்குப் போகிறது.

ஸ்கேன் செய்யும் அட்டை முன்னாலேயே இருக்கட்டும். பெட்டி தனியாக வருகிற மாடல் என்றால் அதை மட்டும் தராசுக்குப் பக்கத்தில், காதுக்கு ஒன்றரை அடியில், தோள் உயரத்தில் வையுங்கள். திறந்த இடத்தில் தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். ஆறடி மூன்றாகி, மூன்று ஒன்றரையானால் 12 டெசிபல். பிளஸ் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அந்த லாபம் வராது.

ஸ்பீக்கர் துளைகள் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். சிலதில் முன்னால், சிலதில் பின்னால் அல்லது மேலே இருக்கும். அந்தப் பக்கம்தான் உங்களைப் பார்க்க வேண்டும். மழைக்குச் சுற்றிய பாலிதீன் கவரில் துளைகள் இருக்கும் இடத்தை வெட்டி விடுங்கள். கவருக்குள்ளிருந்து வந்தால் சத்தம் கேட்கும், சொல் கேட்காது.

அப்புறம், வால்யூமை உச்சத்திலிருந்து ஒன்றிரண்டு படி இறக்குங்கள். சின்ன ஸ்பீக்கர் உச்சத்தில் கரகரக்கும். கரகரப்பு நின்றாலே தொகை புரியும்.

வீட்டில் யாரையாவது 70, 80, 90 என்று மூன்று தொகை அனுப்பச் சொல்லுங்கள். எது முதலில் வரும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. லோடு இறங்கும் நேரத்தில், தராசு பிடித்தபடியே கேட்டுப் பாருங்கள். காலை அமைதியில் சோதித்துப் பிரயோஜனமில்லை.

பாலக்கோடு, மளிகை: இதுக்கு ஏன் இவ்வளவு? எவர்சில்வர் டப்பாவுக்குள்ள வச்சா சத்தம் ரெண்டு மடங்கு. நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

சத்தம் கூடும் என்பது சரிதான். ஆனால் டப்பா சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எழுத்துகள் குழம்பும். உங்கள் கடை உள்ளடங்கிய இடம், அதனால் சமாளிக்கிறீர்கள். சந்தையில் இது வேலைக்கு ஆகாது. வேண்டுமானால் பெட்டிக்குப் பின்னால் ஒரு பலகை நிறுத்துங்கள், போதும். தகர ரேக் மேல் வைத்திருந்தால் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு போடுங்கள், தகரம் அதிராது.

ஓசூர், டீக்கடை: கஸ்டமர்ல கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாரும் இருக்காங்க. எந்த மொழி வைக்கட்டும்?

கல்லாவில் நிற்பவருக்கு எந்த மொழியில் எண் சட்டென்று ஏறுமோ அது. வாடிக்கையாளருக்கு அவர் போனிலேயே தெரிந்துவிடும். இங்கிலீஷில் 15, 50 இரண்டும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தொண்ணூறில் முன்பாதி பஸ் ஹாரனில் போய்விட்டால் நூறு மாதிரி கேட்கும். டீக்கடையில் சின்னத் தொகைதான் அதிகம் என்பதால் நான் தமிழையே சொல்வேன். மாற்றுவது கடைக்கான ஆப்பில், சவுண்ட்பாக்ஸ் பகுதியில் இருக்கும். மாற்றும்போது பெட்டி ஆன் ஆகி, சிக்னலோடு இருக்க வேண்டும்.

காரிமங்கலம், சந்தையில் துணிக்கடை: பக்கத்துக் கடையிலயும் அதே பெட்டி, அதே குரல். அவங்க பணத்தை என்னுதுன்னு நெனச்சு துணியக் கொடுத்துட்டேன்.

அக்கா, இதற்கு வால்யூம் கூட்டவே கூடாது. நீங்கள் கூட்டினால் அவரும் கூட்டுவார். இருவரில் ஒருவர் மொழியை மாற்றுங்கள். உங்களுக்குத் தெலுங்கு எண் பழக்கம் என்றால் நீங்களே மாற்றலாம். அதோடு தொகையையும் சேர்த்துக் கேட்டுப் பழகுங்கள். 650 ரூபாய்ச் சேலைக்கு 120 என்று கேட்டால் அது உங்களுடையது அல்ல. இரண்டு கடையிலும் ஒரே தொகை, ஒரே நேரம் என்றால்? போனைத் திறந்து பார்ப்பதைத் தவிர எனக்கும் வழி தெரியவில்லை.

போச்சம்பள்ளி, பொரிக் கடை: எனக்கும் சத்தம் பிரச்சினைதான். பணம் வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் சொல்லுது. வால்யூம் எவ்வளவு வைக்கணும்?

இது வால்யூம் விஷயமே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு நெட் சரியாகக் கிடைக்கவில்லை. சந்தைக் கூட்டத்தில் எல்லார் போனும் ஒரே டவரைப் பிடிப்பதால் இப்படி ஆகும். பெட்டியைத் தரையிலிருந்து எடுத்துப் பந்தல் கம்பு உயரத்தில் கட்டிப் பாருங்கள். வைஃபை வசதியுள்ள மாடல் என்றால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கலாம், ஆனால் அந்த நெட்வொர்க்கும் திணறினால் பலன் இருக்காது. தாமதமாகச் சொல்லும் பெட்டியில் ஓர் ஆபத்தும் உண்டு. முன்னால் போனவரின் 40 ரூபாயை, இப்போது நிற்பவர் கொடுத்ததாக நினைத்துப் பொரியை அளந்துவிடுவீர்கள். கூட்டம் குறையும்வரை மெசேஜைப் பார்த்தே கொடுங்கள்.