தேடலுக்கு ஒரு தலைப்பு, பகிர்வுக்கு இன்னொன்று: கேள்விகளும் பதில்களும்

கூகுளில் வருகிற தலைப்பும் வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் வருகிற தலைப்பும் ஒன்றாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. எதற்கு இரண்டு வேலை?

பார்ப்பவர் வேறு, அதனால்தான். கூகுளில் இருப்பவர் கேள்வியைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். தான் தட்டிய சொற்கள் தலைப்பில் இருக்கின்றனவா என்றுதான் அவர் கண் தேடும். வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர் எதையும் கேட்கவில்லை, யாரோ அனுப்பியது வந்து விழுகிறது.

போன் பேட்டரி பற்றி நான் எழுதிய ஒரு பக்கத்தில், தேடலுக்கு `<title>`, பகிர்வுக்கு `og:title` என்று இப்படி வைத்தேன்:

```html
<title>போன் பேட்டரி சீக்கிரம் தீர்வது ஏன்? காரணங்கள், தீர்வுகள்</title>
<meta property="og:title" content="ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவதுதான் பேட்டரியைக் கெடுக்கிறதா?">
<meta property="og:image" content="https://example.com/battery.png">
```

முதல் வரியில் தேடுபவரின் சொற்கள் இருக்கின்றன. இரண்டாவது, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடக்கிற வாக்குவாதம். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் பக்கத்தின் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். என் பக்கத்தில் முதலில் அது ஐந்தாவது பத்தியில் கிடந்தது. பகிர்வு வழியாக வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். பக்கத்தில் தெரியும் தலைப்பான `<h1>`க்குக் கீழே இரண்டு வரியில் பதிலைக் கொண்டுவந்த பிறகுதான் நின்று படித்தார்கள்.

இது க்ளோக்கிங் இல்லையா? ஒரே பக்கத்துக்கு இரண்டு தலைப்பு வைத்தால் கூகுள் தண்டிக்கும் என்று படித்திருக்கிறேன்.

பாதி சரி. க்ளோக்கிங் என்றால் யார் கேட்கிறார் என்று பார்த்து ஆளுக்கொரு பக்கத்தைக் கொடுப்பது. இங்கே இரண்டு டேகும் ஒரே HTML-இல், எல்லோருக்கும் ஒரே மாதிரி போகின்றன. அதற்குத் தண்டனை இல்லை. `facebookexternalhit` என்ற பாட் வந்தால் மட்டும் வேறு பக்கத்தைக் காட்டும்படி சர்வரில் எழுதினால், நீங்கள் படித்தது அங்கே பொருந்தும்.

பழைய கதை ஒன்றும் இதில் கலந்திருக்கலாம். ஒரு காலத்தில் பேஸ்புக்கில் லிங்க் போடும்போதே அதன் தலைப்பையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பொய்ச் செய்திக்காரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதால் 2017இல் அந்த வசதியைக் கட்டுப்படுத்தினார்கள். அது அடுத்தவர் பக்கத்தின் முகத்தை மாற்றுவது. உங்கள் பக்கத்து டேகை நீங்கள் எழுதுவது வேறு.

நான் செய்து பார்த்தேன். இரண்டே வாரத்தில் கூகுளிலும் பகிர்வுத் தலைப்புதான் வருகிறது! `<title>` அப்படியே இருக்கிறது.

இதுதான் பலரும் எதிர்பார்க்காத இடம். தேடல் தலைப்பை கூகுள் `<title>`-இல் இருந்து மட்டும் எடுப்பதில்லை. `<h1>`, பக்கத்தில் பெரிதாகத் தெரியும் எழுத்து, மற்றவர்கள் லிங்க் கொடுத்த சொற்கள் எல்லாவற்றையும் பார்க்கும். `og:title`-உம் அந்தப் பட்டியலில் உண்டு என்று கூகுளே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் இந்த முறையை மாற்றிய பிறகு நிறையப் பேர் இதைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

கேட்க வேண்டியது, உங்கள் `<title>`-ஐ ஏன் ஒதுக்கியது என்பதுதான். அது மிக நீளமா? எல்லாப் பக்கத்திலும் ஒரே வால் ஒட்டியிருக்கிறதா? போன வருட எண் அப்படியே நிற்கிறதா? அப்புறம் `<h1>`-ஐப் பாருங்கள். பலரும் `og:title`-ஐ எழுதிய உற்சாகத்தில் அதையே `<h1>`-இலும் போட்டுவிடுவார்கள். அப்போது இரண்டு இடம் ஒன்று சொல்கிறது, `<title>` தனியாக நிற்கிறது. `<h1>`-ஐ `<title>` பக்கம் கொண்டுவாருங்கள், `og:title` மட்டும் வேறாக இருக்கட்டும்.

அதே ஆள்தான். `<h1>` மாற்றினேன், பாதிப் பக்கங்கள் சரியாகிவிட்டன. மீதி அப்படியே இருக்கின்றன. எவ்வளவு நாள் ஆகும்?

கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி வந்து பார்த்த பிறகுதான் மாறும். சர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்து, கடைசியாக எப்போது வந்தது என்று பாருங்கள். நீங்கள் மாற்றிய பிறகும் வந்துபோய், இன்னும் பழையதையே காட்டினால், அது கூகுளின் விருப்பம். அதைக் கட்டாயப்படுத்த டேக் எதுவும் கிடையாது. அந்தப் பக்கங்களில் மட்டும் இரண்டு தலைப்பையும் ஒன்றாக்கிவிடலாமா என்றால், நான் ஆக்குவேன். என்னோடு வேலை செய்பவர் ஒருவர் விட்டுவிடு என்பார். இன்னும் பேசித் தீரவில்லை.

என் தளத்தின் சின்ன லோகோ கூகுளில் மங்கலாக வருகிறது. `og:image`-ஐ 1200 × 630 ஆக்கினால் தெளிவாகுமா?

ஆகாது. அது ஃபேவிகான், வேறு கோப்பு, வேறு டேக். 1200 × 630 என்பது பகிர்வு அட்டையின் பெரிய படத்துக்கு.

படத்தை மாற்றி மூன்று நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் பழைய படம்தான் வருகிறது. எங்கள் டெவலப்பர் "எனக்குச் சரியாக வருகிறது" என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் முன்னோட்டம் அனுப்புபவரின் போனிலேயே தயாராகிறது. உங்கள் போன் பழையதை நினைவில் வைத்திருக்கலாம். முகவரியின் கடைசியில் `?v=2` சேர்த்து அனுப்பிப் பாருங்கள். புதுப் படம் வந்தால் டேக் சரி, கேஷ்தான் காரணம். ஏற்கெனவே அனுப்பிய செய்திகளில் இருப்பது மாறாது.

பேஸ்புக்கின் கேஷ் அவர்கள் சர்வரில் இருக்கிறது. Sharing Debugger-இல் முகவரியைக் கொடுத்து Scrape Again அழுத்த வேண்டும். அப்போதும் பழையதே வந்தால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து `og:image` எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். தீம் ஒன்று, ப்ளகின் ஒன்று என இரண்டு எழுதியிருந்தால் மேலே இருப்பதற்குத்தான் முன்னுரிமை. மூலத்தில் டேகே இல்லாமல், ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் வருகிறது என்றால் பேஸ்புக்கின் பாட் கண்ணில் அது படாது. `og:url`-ஐயும் ஒரு முறை பாருங்கள். வேறு பக்கத்திலிருந்து நகல் எடுத்ததில் அந்தப் பக்கத்து முகவரி தங்கிவிட்டால், பேஸ்புக் அங்கே போய் அதன் தலைப்பையும் படத்தையும் எடுத்து வந்துவிடும்.

தலைப்பைப் படத்திலேயே எழுதிவிடுகிறேன், சர்வர் தானாகச் செய்கிறது. ஆங்கிலம் அழகாக வருகிறது, தமிழில் "கொடு" என்பது சிதறிப்போகிறது.

எழுத்துரு மேல் சந்தேகப்பட்டு நானும் ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன். "கொ"வைக் கணினி 'க' முதலில், உயிர்க்குறி பிறகு என்று சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது வரைகிற நிரலின் வேலை. PHP-யின் GD போன்றவை பல சர்வர்களில் அந்த வேலையைச் செய்யாமல், வந்த வரிசையிலேயே எழுத்தை ஒட்டிவிடும். பிரவுசர்கள் இதைச் சரியாகச் செய்யும். அதனால் அட்டையை ஒரு HTML பக்கமாக வடிவமைத்து, சர்வரில் திரையில்லாமல் ஓடும் குரோமைக் கொண்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சோதிக்க "செய்", "கொடு", "பௌர்ணமி" மூன்றும் போதும்.

படத்தில் எழுதுவது நல்ல யோசனைதான். 2023 அக்டோபரில் எக்ஸ் தளம் லிங்க் அட்டையிலிருந்து தலைப்பையே எடுத்துவிட்டது, பிறகு சிறிதாகத் திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் படத்தில் எழுத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் `og:title`-ஐ அப்படியே படத்திலும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஒரே வாக்கியம் மேலும் கீழும் இரண்டு முறை வரும். பேட்டரி பக்கத்தின் படத்தில் நான் வைத்தது "100%" என்ற எண்ணும் ஒரு கேள்விக்குறியும் மட்டும்தான்.